முழுத்திரையில் சாகப் பழகியது

எங்கள் விளையாட்டில் மற்றவர்கள் துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தார்கள். நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்துச் செத்தேன்.

இதில் அவள் மேல் குறை ஒன்றும் இல்லை. டெசாரு கடற்கரையில் எடுத்த படம். கணினி முகப்பில் அதை வைத்தவன் நான்தான். ஆட்டம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் திரை சட்டென்று கறுக்கும். விளையாட்டு அப்படியே சுருங்கி, கீழே ஒரு சின்னப் பொட்டாகப் போய் உட்காரும். போர்க்களம் இருந்த இடத்தில் அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் பதறி அந்தப் பொட்டைத் தேடி அமுக்கி, திரை மறுபடி கறுத்து, மறுபடி வெளுத்து, உள்ளே போய்ச் சேரும்போது என் உடல் தரையில் கிடக்கும்.

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஐவருக்கு எதிராக ஐவர் ஆடும் விளையாட்டு. ஒரு அணி வெடிகுண்டை வைக்க வரும், இன்னொரு அணி தடுக்கும். செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை எழுந்திருக்க முடியாது. ஆனால் உயிரோடு இருக்கிற கூட்டாளியின் கண் வழியாக மிச்ச ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடித்தவன் என்னை மனதில் வைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் வெளியே மனைவியின் முகத்தில் முழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், செத்துப்போன நான்கு பேரும் என் கண் வழியாக ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேசுவது ஹெட்செட்டில் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"என்னாடா பண்றான் இவன்?"

"செவுத்துக்கு பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கான்னு பாக்குறாரு."

"டேய், பின்னால வர்றான்டா. திரும்புடா."

"அவன் ஊட்டுல இல்லடா. வெளியூரு போயிருக்கான்."

எங்கள் தலைவன் பாசிர் கூடாங்கில் ரசாயன ஆலை ஒன்றில் ஷிப்ட் பார்க்கிறவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவன் ஆலையில் வேலை தொடங்கும் முன்பு எல்லாரையும் நிற்க வைத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்களாம். எங்களுக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் பேசுவான். அந்த வாரம் பேச்சு முழுக்க என்னைப் பற்றியே இருந்தது.

"லாயாங் லாயாங்காரனுங்களோட இன்னும் மூணு வாரத்துல மேட்ச். தம்போய் சைபர் கஃபேல, நேருக்கு நேரு. போன தடவ முடிஞ்சதும் அவனுங்க என்ன எழுதுனானுங்கன்னு பாத்தீல்ல?"

பார்த்திருந்தேன். 'செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பாரே ஒரு அண்ணன், அவரையே அடுத்த தடவையும் அனுப்புங்க' என்று அந்த ஊர்க்காரர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"அதுக்குள்ள இத சரி பண்ணு. இன்னொரு தடவ நீ ஆட்டத்துல இருந்து வெளிய வந்தேன்னா, உன் மச்சான் உன் எடத்துல உக்காருவான். அவ்ளோதான்."

என் மச்சான் என்றால் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது. சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வார இறுதியில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நன்றாக விளையாடுவான் என்பதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம்.

அந்த நாற்காலியை நான் விட முடியாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. வாரம் முழுக்க நான் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் ஆபிஸில் கண்டெய்னர் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கிறவன். வீட்டில் நான் சொல்வதைப் பூனைகூடக் கேட்பதில்லை. ஞாயிறு மதியம் நான்கு பேர் என்னை நம்பி ஒரு வாசலைக் காவல் காக்கச் சொல்வார்கள். நான் அந்த வாசலை ஒழுங்காகக் காத்ததே இல்லை என்பது வேறு விஷயம். சொல்கிறார்களே, அது போதும்.

முதலில் நான் பழி போட்டது விண்டோஸ் கீ மேல். அதற்கு நியாயமும் இருந்தது. குனிந்து உட்கார கன்ட்ரோல் பட்டன், சுண்டுவிரல் அதன்மேல் இருக்கும். பக்கத்திலேயே விண்டோஸ் கீ. பயம் வந்தால் நான் குனிவேன். அதிகப் பயம் வந்தால் விரல் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும். ஸ்டார்ட் மெனு திறந்து, ஆட்டம் கீழே போய், அவள் சிரிப்பாள்.

ஆகவே ஒரு தேக்கரண்டியை எடுத்து விண்டோஸ் கீயின் மூடியை நெம்பி எடுத்தேன். பல் பிடுங்கிய மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தது. பெரிய அறுவை சிகிச்சை செய்த திருப்தியோடு விளையாட உட்கார்ந்தேன். பள்ளத்துக்குள் பட்டனின் குச்சி அப்படியேதான் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. இப்போது என் சுண்டுவிரல் தவறாமல் அந்தப் பள்ளத்தில் விழுந்தது. முன்பு ஆட்டத்துக்கு ஒருமுறை வெளியே போனவன் மூன்று முறை போனேன்.

மச்சான் சோற்றுத் தட்டோடு வந்து பின்னால் நின்றான்.

"மாமா, அந்த பட்டன் எங்க?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"தொந்தரவு."

அவன் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தான். கழற்றி வைத்திருந்த மூடியையும் எடுத்துப் பார்த்தான். அதன்மேல் ஒரு சின்னப் பூட்டுப் படம் இருந்தது. வாங்கி இரண்டு வருஷமாக அதை நான் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திரும்பப் பொருத்தி, எஃப்என் பட்டனையும் அதையும் சேர்த்து அமுக்கினான். ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

"இப்ப அமுக்குங்க."

அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன்.

"எவ்வளவு பலமா அமுக்குனாலும் அவ்ளோதான் மாமா. கீபோர்டே அத வெளிய அனுப்பாது. திரும்ப வேணும்னா இதே மாதிரி ரெண்டையும் சேத்து அமுக்கணும்."

மறுநாள் பயிற்சியில் பூட்டு விளக்கு எரிய, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலைக் காத்தேன். பின்னால் எதிரியின் காலடிச் சத்தம் கேட்டது. திரை கறுத்தது. கறுப்புக் கண்ணாடி சிரித்தது.

"பூட்டு வேல செய்யல," என்று அறிவித்தேன்.

"பூட்டு வேல செய்யுது," என்றான் மச்சான். "நீங்க விண்டோஸ் கீய தொடவே இல்ல. ஆல்ட் டேப் அமுக்குறீங்க. இந்தப் பூட்டு அதத் தடுக்காது."

"நானா? எதுக்குடா நான் அத அமுக்கப் போறேன்?"

அடுத்த ஆட்டத்தில் என் இடது கையைக் கைப்பேசியில் படம் பிடித்தான். போட்டுக் காட்டினான். என் கைதான், சந்தேகமில்லை, மோதிரம்கூடத் தெரிகிறது. காலடிச் சத்தம் வருகிறது. கட்டைவிரல் ஆல்ட்டுக்குப் போகிறது, மோதிரவிரல் டேப்பைத் தட்டுகிறது. பாம்பு நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொள்வதைப் போல அவ்வளவு சுத்தமான காரியம். துப்பாக்கி சுடுவதில் அந்த வேகத்தில் பாதி இருந்திருந்தால் தலைவன் எனக்குக் கோயில் கட்டியிருப்பான்.

காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது, சொல்லத்தான் கொஞ்ச நேரம் ஆனது. ஆபிஸில் என் மேசை வாசலுக்கு முதுகு காட்டி இருக்கிறது. லாரி ஓட்டுநர்கள் பின்னாலிருந்துதான் வருவார்கள். 'அண்ணே, என் பொட்டி வந்துருச்சா?' இந்த ஒரு கேள்வியைத் தவிர யாரும் என்னிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. நான் தட்டிக்கொண்டிருப்பது ஒரு ஜன்னல், கண்டெய்னர் எங்கே இருக்கிறது என்று காட்டுவது இன்னொரு ஜன்னல். பூட்ஸ் சத்தம் கேட்டாலே விரல் ஆல்ட் டேப் அடித்துவிடும். ஓட்டுநர் வாயைத் திறப்பதற்குள் பதில் திரையில் இருக்கும். அந்த வேகத்துக்காக என்னை ஆபிஸில் பாராட்டியிருக்கிறார்கள். விளையாட்டில் எதிரியும் பூட்ஸ்தான் போட்டிருக்கிறான், பின்னாலிருந்துதான் வருகிறான். கண்டெய்னரைக் கேட்கத்தான் வருகிறான் என்று என் விரல்கள் நம்பின.

மச்சான் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தான். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னான். அவளும் சிரித்தாள். படத்தில் சிரிப்பதைவிட நன்றாகவே சிரித்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. பட்டன்களைத் தடுக்கும் சின்ன நிரல் ஒன்றை இணையத்தில் தேடி எடுத்தேன். நாலு வரி. ஆல்ட் டேப் வந்தால் ஒன்றும் செய்யாதே என்று அதில் எழுதினேன். அழகாக வேலை செய்தது. எவ்வளவு அழகாக என்றால், அது ஓடிக்கொண்டிருந்தால் விளையாட்டு திறக்கவே மாட்டேன் என்றது. அதற்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். பட்டன்களில் கைவைக்கும் எந்த நிரலைப் பார்த்தாலும் ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொள்வான்.

தலைவனுக்கு இது தெரிந்ததும் போன் வந்தது. "டேய், எடுத்துரு அத. கணக்கையே மூடிருவான். வாசல்ல நின்னு சாவுறது உன் பிரச்சன. ஆளே இல்லாம போறது எங்க பிரச்சன."

எடுத்துவிட்டேன். அவனே ஒரு யோசனையும் சொன்னான். முழுத்திரையில் ஓட்டாமல், திரை அளவுக்கு ஓரமில்லாத ஜன்னலாக ஓட்டு, அப்போது ஆல்ட் டேப் அடித்தாலும் ஆட்டம் சுருங்காது, சட்டென்று திரும்பிவிடலாம் என்றான். உண்மைதான், சுருங்கவில்லை. அது பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் குடும்பக் குழுவின் அரட்டை ஜன்னல் வந்து நின்றது. நான் ஓடுவதாக நினைத்து அழுத்திய பட்டன்கள் எல்லாம் அந்தக் குழுவுக்குள் விழுந்தன. பதற்றத்தில் எதற்கோ என்டரையும் அடித்தேன். 'வ்வ்வ்வ்அஅஅ' என்கிற பாணியில் ஆங்கில எழுத்துகள் அறுபது உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. குளுவாங்கிலிருந்து பெரியம்மா மகள் கூப்பிட்டாள்.

"அண்ணே, நெஞ்சு வலியா?"

"இல்லம்மா. வெளையாடிக்கிட்டிருந்தேன்."

"ஓ," என்று போனை வைத்துவிட்டாள். நெஞ்சு வலி என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

கடைசியில் மச்சான்தான் உட்கார்ந்தான். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறான் என்று எனக்குச் சந்தேகம். நான் வெளியே போனால் இவனுக்குத்தானே நாற்காலி. நேராகவே கேட்டேன்.

"நீங்க பட்டன் பிரச்சனையில வெளிய போனா, நான் ஏதோ சதி பண்ணிட்டேன்னு அக்கா சொல்லும்," என்றான். "நீங்க மோசமா ஆடி வெளிய போங்க மாமா. அதான் எனக்கு மரியாத."

விண்டோஸின் உள்ளே, எந்தப் பட்டன் எதுவாக வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கணினி திறக்கும்போது அதைப் படித்துக்கொள்ளும். அதில் இடது பக்க ஆல்ட்டுக்கு நேராக 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு, கணினியை மூடித் திறந்தான். ஆல்ட் செத்துவிட்டது. எந்த நிரலும் ஓடாததால் காவல்காரனும் முறைக்கவில்லை. டேப்பைத் தொட வேண்டாம் என்றான், அதைப் பிடித்தால்தான் புள்ளிப் பலகை தெரியும். அந்த வாரம் முழுக்க நான் ஆட்டத்தைவிட்டு ஒருமுறைகூட வெளியே போகவில்லை. உள்ளேயே இருந்து பல முறை செத்தேன்.

போட்டிக்கு முந்தைய நாள் தம்போய் சைபர் கஃபேக்குப் போய்ப் பார்த்தோம். கடையை நடத்துகிறவர் ஒரு சீன அக்கா. மச்சான் அங்கிருந்த கணினியிலும் அதே இடத்தில் எழுதி, மூடித் திறந்தான். ஆல்ட் உயிரோடு இருந்தது. மறுபடி எழுதினான். மறுபடி மூடித் திறந்தான். உயிரோடுதான் இருந்தது.

அக்கா காசு மேசையிலிருந்து தலையைத் தூக்காமல் மலாயில் சொன்னார். "ரீஸ்டார்ட் சாஜா, செமுவா ஹிலாங் லா."

மூடித் திறந்தாலே எல்லாம் போய்விடும் என்றார். வாடிக்கையாளர்கள் எதை மாற்றினாலும் தானாகப் பழையபடி ஆகிவிடும்படி அவர் எல்லாக் கணினிகளையும் கட்டி வைத்திருக்கிறார். இல்லையென்றால் இந்தத் தொழில் செய்ய முடியாது. எங்கள் மாற்றமோ மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். மூடித் திறந்தாலோ மாற்றமே இருக்காது. நான் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உடம்பு சரியில்லை என்று தலைவனுக்குச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். என்ன நோய் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். சளியில் ஆரம்பித்து டெங்கிவரை போயிருந்தேன்.

"அக்கா," என்றான் மச்சான், "சொந்த கீபோர்ட் கொண்டு வரலாமா?"

"போலே," என்றார். தாராளமாகக் கொண்டு வரலாம்.

வீட்டுக்கு வந்து கீபோர்டோடு கொடுத்த நிரலைத் திறந்தான். இந்தக் கீபோர்டுக்குத் தனியாக ஒரு சின்ன நினைவு இருக்கிறது. அதற்குள்ளேயே இடது ஆல்ட்டை அணைத்துச் சேமித்தான். இனி எந்தக் கணினியில் செருகினாலும் அந்த ஆல்ட் பேசாது. கணினிக்கு அந்தப் பட்டன் இருப்பதே தெரியாது.

"கன்ட்ரோல் ஆல்ட் டிலீட்?" என்று கேட்டேன். எனக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு.

"வலது பக்கத்து ஆல்ட் இருக்கு. அத நீங்க கை தவறி அமுக்கணும்னா மூணு கை வேணும் மாமா."

ஞாயிறு மதியம் லாயாங் லாயாங்காரர்கள் ஐந்து பேரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். எதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தேடி வந்து கை கொடுத்தார்.

"நீங்கதானே அண்ணே அந்த செவுரு?"

"நான்தான்."

"பாத்ததுல ரொம்ப சந்தோஷம்."

மச்சான் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். நான் வெளியே போனால் அப்படியே உள்ளே வருவதற்குத் தயாராக ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டிருந்தான். தலைவன் பாதுகாப்புப் பேச்சு பேசினான். ஒவ்வொருவர் கணினியாகப் பார்த்து, அறிவிப்புகளை அணைத்து, வேண்டாததை மூடி, என் பூட்டு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தான். தன் கணினியில் சத்தம் விட்டு விட்டு வருகிறது என்று கடைசி நிமிடத்தில் அதை மூடித் திறந்தான்.

ஆட்டம் நீண்டது. நாங்கள் ஏறினோம், அவர்கள் ஏறினார்கள். என் வாசலுக்கு யாரும் வராததால் நான் நன்றாக ஆடுகிறேன் என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம் ஏற்பட்டது. அவர்கள் இன்னும் ஒரே ஒரு சுற்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது என்ற நிலையில்தான் காலடிச் சத்தம் கேட்டது. பின்னால், இடது பக்கம், பூட்ஸ்.

என் கை என்னைக் கேட்கவில்லை. கட்டைவிரல் ஆல்ட்டுக்குப் போனது, மோதிரவிரல் டேப்பை அடித்தது.

ஆல்ட் பேசவில்லை. டேப் மட்டும் பேசியது. திரை நடுவில் புள்ளிப் பலகை விரிந்தது. பத்துப் பேர் பெயரில் கடைசிப் பெயர் என்னுடையது. அந்தப் பலகையின் ஓரத்தில், ஆட்டம் அப்படியே நடந்துகொண்டிருப்பதும், ஒருவன் என்னை நோக்கித் துப்பாக்கியைத் தூக்குவதும் தெரிந்தது. இப்படி ஒரு காட்சியை நான் முதன்முறையாகப் பார்த்தேன். இத்தனை நாள் இந்த இடத்தில் நான் டெசாருவில் இருந்திருக்கிறேன்.

செத்தேன். ஆனால் எவன் சுட்டான், எங்கே நின்றான், எந்தப் பக்கம் ஓடினான் என்று எல்லாம் தெரிந்துகொண்டு செத்தேன்.

"படிக்கட்டுக்குக் கீழ. ஒருத்தன்தான். எடது பக்கம் ஓடுறான், குண்டு அவன் கையிலதான்."

என் குரலில் இருந்த அதிகாரம் எனக்கே புதிதாக இருந்தது. தலைவன் அந்தப் பக்கம் திரும்பிக் காத்திருந்து அவனை முடித்தான். சுற்று எங்களுக்கு. மச்சான் என் தோளில் தட்டினான். அது பாராட்டா, ஏமாற்றமா என்று தெரியவில்லை.

சமநிலை. கடைசிச் சுற்று. எங்கள் பக்கம் தலைவன் மட்டும் மிச்சம், அவர்கள் பக்கம் ஒருவர் மட்டும். நாங்கள் நால்வரும் அவன் கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவன் ஒரு மூலையில் அசையாமல் பதுங்கியிருந்தான். எதிரி வந்தாக வேண்டும். தலைவன் காத்திருந்தான். காத்திருக்கும்போது அவன் சுண்டுவிரல், மெதுவாக நடப்பதற்கான ஷிஃப்ட் பட்டனை மேசைமேல் தாளம் போடுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்ததால் எனக்கு அது கேட்டது. டக், டக், டக், டக், டக்.

அவன் திரை சட்டென்று கறுத்தது. முகப்பு வந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஷிஃப்ட்டை விடாமல் ஐந்து முறை தட்டினால், பட்டனை அமுக்கிப் பிடிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு உதவும் வசதியை ஆன் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். வீட்டுக் கணினியில் தலைவன் அதை எப்போதோ அணைத்துவிட்டான். இங்கேயும் வந்ததும் அணைத்திருக்கிறான். பிறகு சத்தத்துக்காக மூடித் திறந்தான், அக்கா சொன்னபடி எல்லாம் போய்விட்டது.

என் திரையில், அவன் கண் வழியாக, ஒரு சுவர் தெரிந்தது. பெயிண்ட் நன்றாகத்தான் அடித்திருந்தார்கள்.

"நோ அமுக்குடா," என்றேன். "பதறாத. நோ அமுக்கு, அப்புறம் கீழ அந்தப் பொட்டு."

இந்த விஷயத்தில் அங்கே என்னைவிட அனுபவசாலி யாரும் இல்லை. அவன் நோ அமுக்கினான், பொட்டைத் தேடினான், திரை கறுத்தது, வெளுத்தது. உள்ளே போனபோது அவன் உடல் தரையில் கிடந்தது. எதிர் வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தமும் கைதட்டலும் கேட்டன.

எனக்குக் கை கொடுத்த லாயாங் லாயாங்காரர் எழுந்து வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப எத்தன செவுரு?" என்றார்.

பக்கத்துக் கடையில் எல்லாருமாகத் தே தாரிக் குடித்தோம். தலைவன் தேநீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் என் நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரம் அதுதான் என்று தெரியும், ஆனாலும் கேட்கப் பயம்.

மச்சான்தான் கேட்டான். "அப்ப அடுத்த வாரம் நான் உக்காரணுமா, வேணாமா?"

"உக்காரு," என்றான் தலைவன்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"என் எடத்துல உக்காரு. எனக்கு அடுத்த வாரம் பகல் ஷிப்ட்." அவன் என் பக்கம் திரும்பவில்லை. "இவன் வாசல்லயே நிக்கட்டும். செத்தாலும் எவன் எங்க ஓடுறான்னு சொல்றான்ல. அது போதும்."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் இன்னொரு தே தாரிக் சொன்னேன்.